டயோடு ஒண்ணு, கெப்பாசிட்டர் ஒண்ணு: பீக் வோல்ட்டேஜ் எவ்வளவு நிக்கும், எவ்வளவு இறங்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அண்ணா, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர்ல ஒரு 1N4148 டயோடு போட்டு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்ல விட்டேன், மீட்டர்ல 17.3 காட்டுது. பன்னண்டுல இருந்து பதினேழு எங்கிருந்துண்ணா வருது?

டிரான்ஸ்பார்மர் மேல எழுதியிருக்கிற 12 ஆர்எம்எஸ் கணக்கு, அதுவும் முழு லோடு குடுத்தா வர்ற கணக்கு. சும்மா விட்டா கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும். எங்க கடை வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளாவுக்குள்ள, மோட்டார் காயில் கட்டுறதுதான் மெயின் வேலை. அங்க மேசை மேல இருக்கிற டிரான்ஸ்பார்மர் லைன்ல 230 இருக்கும்போது ஏசி ரேஞ்சுல 12.7 காட்டும். சைன் அலையோட உச்சி ஆர்எம்எஸ்ஸைப் போல 1.414 மடங்கு, 12.7 பெருக்கல் 1.414 கிட்டத்தட்ட 18 வோல்ட். அலை மேல ஏறும்போது டயோடு திறந்து கெப்பாசிட்டரை நிரப்புது, உச்சி தாண்டி இறங்க ஆரம்பிச்சதும் டயோடு மூடிக்குது, கெப்பாசிட்டர் அந்த உச்சியிலயே நின்னுக்குது. அதனாலதான் பன்னண்டுக்குப் பதிலா பதினெட்டுப் பக்கம் ஒரு எண்ணு தெரியுது.

லைன்ல நிஜமா வர்ற அலை புஸ்தகத்துல இருக்கிற சைன் மாதிரி இருக்காது, தலை கொஞ்சம் மழுங்கி இருக்கும், எல்லார் வீட்லயும் எல்இடி பல்பும் சார்ஜரும் உச்சியில மட்டும் கரண்ட் இழுக்கிறதால. அதனால உங்களுக்கு 18க்குப் பதிலா 17.6னு கூட வரலாம். கீழ இருக்கிற கணக்குக்கெல்லாம் 18னே வச்சுக்கறேன்.

18ல டயோடுக்கு 0.7 கழிச்சா 17.3. மீட்டரும் அதே 17.3. கணக்கு முடிஞ்சுதுல்ல?

இங்கதாங்க எல்லாரும் மாட்டுறது, நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். விடை சரியா வந்துடுச்சு, ஆனா வழி தப்பு.

ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. இப்ப நீங்க வச்சிருக்கிறது அந்த மஞ்சள் கலர் சின்ன மீட்டர்தானே, DT830னு போட்டது. அதை எடுத்துட்டு கொஞ்சம் விலை ஜாஸ்தியான, டிசி ரேஞ்சுல 10 மெகாஓம் இன்புட் இருக்கிற மீட்டரை வச்சுப் பாருங்க. 17.5க்கு மேல காட்டும். லைன் மாறல, டயோடு மாறல, கெப்பாசிட்டரும் அதே. டயோடு எப்பவும் 0.7 தான் சாப்பிடும்னா ரெண்டு மீட்டரும் ஒண்ணுதானே காட்டணும்?

நிஜத்துல அந்த 17.3 ரெண்டு துண்டாச் சேர்ந்து வருது. டயோடு சாப்பிடுறது கிட்டத்தட்ட அரை வோல்ட், மிச்சம் உங்க மீட்டரே கெப்பாசிட்டர்ல இருந்து உறிஞ்சுறது. ரெண்டும் சேர்ந்து தற்செயலா 0.7 ஆயிடுச்சு. கெப்பாசிட்டரை மாத்தினா இல்ல மீட்டரை மாத்தினா அந்தத் தற்செயல் உடைஞ்சுரும், அப்ப மீட்டர் கெட்டுப்போச்சுனு தூக்கிப் போடுவோம்.

நான் லோடே குடுக்கலயே, வெறும் மீட்டர்தானே வச்சிருக்கேன்?

மீட்டரே லோடுதான். DT830 டிசி வோல்ட் ரேஞ்சுல உள்ள 1 மெகாஓம் இருக்கு, அதாவது கெப்பாசிட்டருக்குக் குறுக்கால ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டரை நீங்க கட்டி வச்ச மாதிரி. 17.4 வோல்ட்டுல அது இழுக்கிறது 17.4 மைக்ரோஆம்ப். பேட்டரியில வச்சா இது கண்ணுக்கே தெரியாது, பேட்டரிக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. ஆனா 1 மைக்ரோஃபாரட்ங்கறது ஒரு டம்ளர் தண்ணி, அதுல ஒரு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுனா மட்டம் இறங்கத்தான் செய்யும்.

ஸ்கோப் வச்சுப் பாக்கறவங்களுக்கும் இதே கதைதான், புரோப் 1X ல இருந்தா 1 மெகாஓம், 10X ல போட்டா 10 மெகாஓம். இந்த மாதிரி டயோடு கெப்பாசிட்டர் பீக் டிடெக்டரைப் பாக்கணும்னா 10X ல போட்டுப் பாருங்க.

சரிண்ணா, எவ்வளவு இறங்கும்னு எப்படிக் கணக்குப் போடறது? இ பவர் மைனஸ் எல்லாம் வேணுமா?

முழுசா எழுதினா இது, ஆனா சின்ன இறக்கத்துக்குக் கீழ இருக்கிற ரெண்டாவது வரியே போதும்:

```
V(t) = V0 * e^(-t / RC)
ΔV  ≈ I * t / C  =  V0 * t / (R * C)
```

நம்ம கேஸ்ல R 1 மெகாஓம், C 1 மைக்ரோஃபாரட், ரெண்டையும் பெருக்கினா 1 செகண்ட். லைன் 50 ஹெர்ட்ஸ், ஒரே டயோடு போட்டிருக்கிறதால ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவுல 20 மில்லிசெகண்ட். அந்த 20 மில்லிசெகண்ட் பூரா மீட்டர் 17.4 மைக்ரோஆம்ப் உறிஞ்சிட்டே இருக்கு. 17.4 மைக்ரோஆம்ப் பெருக்கல் 0.02 செகண்ட், வகுத்தல் 1 மைக்ரோஃபாரட், 0.35 வோல்ட் வருது.

உண்மையில 20 மில்லிசெகண்ட் முழுசா இறங்காது, ஏன்னா அடுத்த அலை உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே டயோடு திறந்து நிரப்ப ஆரம்பிச்சுரும். எவ்வளவு முன்னாடினு பாக்கணும்னா, அலை 18ல இருந்து 0.35 கீழ இருக்கிற இடம் எங்கனு கண்டுபிடிக்கணும், அது உச்சிக்கு 11 டிகிரி முன்னாடி, நேரத்துல 0.6 மில்லிசெகண்ட். ஆக இறக்கம் 0.35க்குப் பதிலா 0.34. இந்தத் திருத்தத்துக்காக யாரும் மெனக்கெட வேண்டாம், ஆனா அந்த 0.6 மில்லிசெகண்டை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த கேள்வியில அதுதான் விஷயமே.

இப்ப கெப்பாசிட்டர் மேல ஒரு ரம்பப் பல் மாதிரி அலை, உச்சி 17.5, பள்ளம் 17.16. மீட்டர் செகண்டுக்கு ரெண்டு மூணு தடவைதான் காட்டும், உச்சியையும் பள்ளத்தையும் தனித்தனியா அது பாக்காது, சராசரியைத்தான் காட்டும். சராசரினா உச்சியில இருந்து பாதி இறக்கம் கீழ, 17.5ல 0.17 போனா 17.33. நீங்க பாத்த 17.3 இதுதான்.

10 மெகாஓம் மீட்டருக்கு எல்லாமே பத்துல ஒண்ணு, இறக்கம் 35 மில்லிவோல்ட்தான், சராசரிக்கும் உச்சிக்கும் வித்தியாசமே தெரியாது.

டயோடு 0.7 சாப்பிடும்னுதானே ஐடிஐ-ல சொல்லிக் குடுத்தாங்க? அரை வோல்ட்னு எப்படிச் சொல்றீங்க?

0.7ங்கறது டயோடு வழியா பல மில்லிஆம்ப் போகும்போது இருக்கிற எண்ணு. கரண்ட் குறையக் குறைய டயோடு சாப்பிடுறதும் குறையும், 1N4148ல கரண்ட் பத்துல ஒண்ணா குறைஞ்சா தோராயமா 0.1 வோல்ட் குறையும். 10 மில்லிஆம்ப்ல 0.7, 1 மில்லிஆம்ப்ல 0.6, 0.1 மில்லிஆம்ப்ல 0.5, 10 மைக்ரோஆம்ப்ல 0.4 பக்கம். இது ரூம் சூட்டுல, சூடு ஏறினா இன்னும் குறையும், டிகிரிக்கு 2 மில்லிவோல்ட்.

அப்ப லோடு 17 மைக்ரோஆம்ப்தானே, 0.4 தானே சாப்பிடணும்னு கேப்பீங்க. அங்கதான் அந்த 0.6 மில்லிசெகண்ட் வருது. மீட்டர் 20 மில்லிசெகண்ட் பூரா நிதானமா உறிஞ்சினதை டயோடு வெறும் 0.6 மில்லிசெகண்ட்ல திருப்பி நிரப்பியாகணும். அதாவது முப்பது மடங்குக்கு மேல கரண்ட், சராசரியா அரை மில்லிஆம்ப், ஆரம்பத்துல 1 மில்லிஆம்ப் வரைக்கும் போகும். அப்ப டயோடு சாப்பிடுறது 0.55, 0.6னு இருக்கும். ஆனா உச்சி பக்கம் வர வர அலையே ஏறுறதை நிறுத்திருது, கெப்பாசிட்டரும் ஏறக்குறைய நிரம்பிருச்சு, கரண்ட் மளமளனு குறையுது, உச்சி தாண்டி கொஞ்ச நேரத்துல டயோடு மூடிக்குது. கடைசியா கெப்பாசிட்டர் 18க்கு அரை வோல்ட் கீழ நிக்குது. இதை பேப்பர்ல துல்லியமாப் போட முடியாது, சிமுலேட்டர்ல ஓட்டினா தெரியும், கைக்கணக்குக்கு அரை வோல்ட்னு வச்சா பத்துல ஒரு வோல்ட்டுக்குள்ள வந்துரும்.

ஆக லோடு ரெண்டு வழியில கடிக்குது. ஒண்ணு நேரா இறக்கம். இன்னொண்ணு, லோடு ஜாஸ்தியானா டயோடு வழியா போற கரண்ட் துடிப்பு பெருசாகி டயோடு சாப்பிடுறதும் கூடுது. ரெண்டாவது சின்னதுதான், ஆனா 10 மெகாஓமுக்கும் 1 மெகாஓமுக்கும் உச்சியே கொஞ்சம் வேற இடத்துல நிக்கறதுக்குக் காரணம் அதுதான்.

இந்த 0.34 வோல்ட்டு பெரிய விஷயமாண்ணா? எனக்கு லைன் வோல்ட்டேஜ் எவ்வளவு ஏறுதுனு தெரிஞ்சாப் போதும்.

அதுக்குத்தான் திருப்பி லைன் கணக்குல மாத்திப் பாக்கணும். லைன் 230க்கு உச்சி 18, அப்ப லைன்ல 1 வோல்ட் ஏறினா இங்க 0.078 வோல்ட் ஏறும். 0.34 இறக்கம்னா லைன் கணக்குல நாலரை வோல்ட். 260 வரைக்கும் ஏறினா உச்சி 20.35, கெப்பாசிட்டர்ல 19.85 நிக்கும்.

நான் இதுல இறங்கினதே எங்க ஊர் தென்னந்தோப்பு ஒண்ணுக்காகத்தான். பகல்ல சுத்துப்பட்டுல எல்லா மோட்டாரும் ஓடும், லைன் 200க்குக் கீழ போகும். ராத்திரி எல்லாரும் ஆஃப் பண்ணினதும் குபுக்குனு ஏறும், தோப்புக்காரர் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரும் பல்பும் மாத்தி மாத்திப் போகுது. எவ்வளவு ஏறுதுனு பாக்கறதுக்கு இந்த சர்க்யூட். அதுக்கு நாலஞ்சு வோல்ட் முன்னபின்ன பரவால்ல. 250ஆ 280ஆனு தெரிஞ்சா ஸ்டெபிலைசர் வாங்கலாமானு முடிவு பண்ணிக்கலாம்.

ஆனா ஒண்ணு, டயோடு சாப்பிடுற அரை வோல்ட் லைன் எவ்வளவா இருந்தாலும் அரை வோல்ட்தான், மீட்டர் இறக்கம் மட்டும்தான் வோல்ட்டேஜோட சேர்ந்து ஏறி இறங்கும். அதனால ஒரே ஒரு எடத்துல ஒப்பிட்டுட்டு "மீட்டர்ல வர்றதை 13.3ஆல பெருக்கினா லைன்"னு சொன்னீங்கன்னா கீழ 180 பக்கம் தப்பு வரும். ரெண்டு எடத்துல, பகல்ல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, லைனை நேரா ஏசி மீட்டர்ல அளந்து எழுதி வச்சு நடுவுல கோடு போடுங்க. லைனை நேரா அளக்கும்போது கை ஜாக்கிரதை, இந்த சர்க்யூட்டை டிரான்ஸ்பார்மர் இல்லாம நேரா லைன்ல கட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்ப 100 மைக்ரோஃபாரட் போட்டுடறேன், இறக்கமே இருக்காதுல்ல?

ரிப்பிள் போயிரும், உண்மைதான், 0.35க்குப் பதிலா 4 மில்லிவோல்ட் கூட வராது. ஆனா வேற ரெண்டு தொந்தரவு வந்து உக்காந்துக்கும்.

ஒண்ணு, 100 மைக்ரோஃபாரட்னா எலக்ட்ரோலிடிக்தான் கிடைக்கும், அது தானாவே கசியும். டேட்டாஷீட்ல வழக்கமா இருக்கிற வரம்பு 0.01 CV, 100 மைக்ரோஃபாரட் 35 வோல்ட்டுக்கு 35 மைக்ரோஆம்ப், உங்க மீட்டர் உறிஞ்சுறதுக்கு ரெண்டு மடங்கு. நல்ல கெப்பாசிட்டர் நிஜத்துல இதைவிடக் கம்மியாத்தான் கசியும், ஆனா ரொம்ப நாள் சும்மா கிடந்த பழைய கெப்பாசிட்டர் முதல் சில நிமிஷம் தாறுமாறாக் கசியும். நான் முதல்ல பழைய டிவி போர்டுல இருந்து கழட்டின 10 மைக்ரோஃபாரட் போட்டுட்டு, காலையில ஒரு ரீடிங் மத்தியானம் ஒரு ரீடிங்னு வந்து டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்பட்டு ரெண்டு நாள் வீணாக்கினேன். ஆன் பண்ணின உடனே கம்மியாக் காட்டி அரை மணி நேரத்துல மெதுவா ஏறி நின்னுச்சுன்னா, லைனை ஏசி மீட்டர்ல பாத்தா அது ஏறாம அப்படியே இருந்துச்சுன்னா, கெப்பாசிட்டர் கசிவுதான்.

ரெண்டாவதுதான் பெரிய தொந்தரவு. 100 மைக்ரோஃபாரடும் 1 மெகாஓமும் சேர்ந்தா 100 செகண்ட். லைன் 250ல இருந்து 200க்கு விழுந்தா கெப்பாசிட்டர் 19.1ல இருந்து 15.15க்கு வரணும். டயோடு ஏத்தி மட்டும்தான் விடும், இறக்கி விடாது, இறங்கறது உங்க மீட்டர் உறிஞ்சுற வேகத்துலதான். கணக்குப் போட்டா 23 செகண்ட் ஆகும். 1 மைக்ரோஃபாரட்ல அதே வேலை கால் செகண்ட். ரிப்பிள் வேண்டாம்னா மெதுவாத்தான் இறங்கும், சீக்கிரம் இறங்கணும்னா ரிப்பிளை ஏத்துக்கணும், ரெண்டும் சேர்த்துக் கேட்டா இந்த சர்க்யூட்கிட்ட கிடையாது. என்னைக் கேட்டா 1ல இருந்து 4.7 மைக்ரோஃபாரட் மைலார், 100 வோல்ட் போட்டது, அதுக்கு மேல வேண்டாம்.

ராத்திரி வந்த உச்சி வோல்ட்டேஜை காலையில வந்து பாக்கற மாதிரி பிடிச்சு வைக்குமா?

வைக்காது. இதுதான் தோப்புக்காரர் என்கிட்ட முதல்ல கேட்டது, நானும் சரின்னு தலையாட்டிட்டேன், அப்புறம்தான் கணக்குப் போட்டேன்.

மீட்டரைக் கழட்டி வச்சுட்டா லோடு இல்லையேனு தோணும். ஆனா டயோடு பின்பக்கமாக் கசியுது. 1N4148க்கு 25 டிகிரியில, 20 வோல்ட் ரிவர்ஸ்ல, அதிகபட்சம் 25 நானோஆம்ப்னு போட்டிருக்கான். 25 நானோஆம்ப் 1 மைக்ரோஃபாரட்ல இருந்து போனா செகண்டுக்கு 25 மில்லிவோல்ட், நிமிஷத்துக்கு ஒன்றரை வோல்ட். நம்ம கையில கிடைக்கிற டயோடு பெரும்பாலும் இதைவிட நல்லாவே இருக்கும்ங்க, ஆனா அஞ்சு மடங்கு நல்லா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல ஒண்ணும் மிஞ்சாது. மீன மாசம் பாலக்காட்டு வெயில்ல பெட்டிக்குள்ள 45 டிகிரி இருந்தா, பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்குங்கற கணக்குல கசிவு நாலு மடங்கு.

தலைகீழாப் போட்டுப் பாருங்க. எட்டு மணி நேரம், அதாவது 28,800 செகண்ட், 0.1 வோல்ட்டுக்கு மேல இறங்கக்கூடாதுன்னா, 25 நானோஆம்ப் கசிவுக்கு 7200 மைக்ரோஃபாரட் வேணும். அந்த சைஸ்ல மைலார் கிடையாது, எலக்ட்ரோலிடிக் போட்டா அது டயோடைவிட ஆயிரம் மடங்கு கசியும். கெப்பாசிட்டரைப் பெருசாக்கினா கசிவும் கூடவே வளருது, ஜெயிக்கவே முடியாது. டயோடு கெப்பாசிட்டர் பிடிச்சு வைக்கிறது மில்லிசெகண்டுக்கும் செகண்டுக்கும்தான், மணிக்கணக்குக்கு நம்பரா மாத்தி மெமரியில வைக்கணும்.

அப்ப ஆர்டுயினோ வச்சே பாத்துக்கலாமா? நேரா கெப்பாசிட்டர்ல கட்டலாமா?

நேரா கட்டினா 17 வோல்ட் போய் 5 வோல்ட் பின்னைப் பொசுக்கிரும். 820 கிலோஓம் மேல, 180 கிலோஓம் கீழ போட்டுப் பிரிங்க, ரெண்டும் சேர்ந்து சரியா 1 மெகாஓம். லைன் 260ல உச்சி 20.35 முழுசா வந்தாலும் பின்ல 3.66 வோல்ட்தான். இப்ப இந்த ரெண்டு ரெசிஸ்டர்தான் உங்க லோடு, மேல DT830க்குப் போட்ட கணக்கு அப்படியே இதுக்கும் பொருந்தும். மீட்டரையும் சேத்து வச்சீங்கன்னா லோடு ரெண்டு மடங்கு, ரீடிங் உடனே குறையும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க.

ஆர்டுயினோவோட ஏடிசிக்கு 10 கிலோஓமுக்குக் கீழ சோர்ஸ் இருந்தாத்தான் சரியா எடுக்கும், நம்ம டிவைடர் கிட்டத்தட்ட 150 கிலோஓம். அதனால பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 100 நானோஃபாரட் ஒண்ணு போடுங்க, அது இல்லேன்னா எண்ணு குதிக்கும். காலையில பாக்கறதுக்கு இவ்வளவு போதும்:

```
int v = analogRead(A0);
if (v > maxV) maxV = v;
```

கரண்ட் போனா இதுவும் மறந்துரும், அதனால maxV மாறும்போது மட்டும் ஈப்ராம்ல எழுதி வைங்க, ஒவ்வொரு சுத்துக்கும் எழுதினா ஈப்ராம் தேய்ஞ்சு போயிரும். இடி மழை நேரத்துல லைன்ல வர்ற ஒரு ஸ்பைக் கூட உச்சினு பதிஞ்சுரும், ரெண்டு மூணு ரீடிங் தொடர்ந்து மேல இருந்தா மட்டும் எடுத்துக்கற மாதிரி எழுதுங்க.

LM358 வச்சு பஃபர் பண்ணினேன், இறங்கறதுக்குப் பதிலா ஏறிட்டே போகுது. இது என்ன மாயம்?

மாயம் எல்லாம் இல்ல, LM358க்குள்ள இன்புட்ல இருக்கிறது பிஎன்பி டிரான்சிஸ்டர், அதோட பயாஸ் கரண்ட் ஐசியில இருந்து வெளிய வரும். வழக்கமா 45 நானோஆம்ப் பக்கம். அது போக வேற வழியே இல்ல, டயோடு மூடியிருக்கு, அதனால உங்க கெப்பாசிட்டருக்குள்ள போய் நிரப்புது, செகண்டுக்கு 45 மில்லிவோல்ட், ஒரு நிமிஷத்துல ரெண்டரை வோல்ட். லைன் உச்சியைத் தாண்டியும் ஏறிட்டே போய் ஐசியோட சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழ போய் நிக்கும். டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கி விட்டும் ஏறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம், இதுதான்.

கெப்பாசிட்டருக்குக் குறுக்கால 10 மெகாஓம் ஒண்ணு போட்டா அது 1.75 மைக்ரோஆம்ப் உறிஞ்சும், 45 நானோஆம்ப் அதுல காணாமப் போயிரும். இல்லேன்னா TL071 மாதிரி ஃபெட் இன்புட் போடுங்க, அதோட பயாஸ் பிகோஆம்ப்லதான், ஆனா சப்ளை 24 வோல்ட் மாதிரி ஏதாவது வேணும், 12ல ஓட்டினா 17 வோல்ட்டைப் பாக்காது.

ஷாட்கி டயோடு போட்டா அந்த அரை வோல்ட்டும் மிச்சமாகுமே?

கொஞ்சம் மிச்சமாகும், ஆனா இங்க அது வேண்டாம். 1N5819 ரிவர்ஸ் தாங்குறது 40 வோல்ட். அலை கீழ போய் மைனஸ் 20.35 இருக்கும்போது கெப்பாசிட்டர் பிளஸ் 19.85ல நிக்குது, டயோடு மேல மொத்தம் 40 தாண்டிருது, லைன் 260 போற அந்த ராத்திரியிலதான் அது செத்துப் போகும். 1N4148 75 வோல்ட் தாங்கும். அது போக ஷாட்கி கசிவு மைக்ரோஆம்ப் கணக்குல, சூட்டுல இன்னும் ஜாஸ்தி, அலை கீழ இருக்கிற நேரமெல்லாம் கெப்பாசிட்டர்ல இருந்து திருப்பி எடுத்துரும். டயோடுல கால் வோல்ட் மிச்சம் பிடிக்கப் போய் இறக்கத்துல அதைவிட ஜாஸ்தி விட்டுருவோம். சின்ன சிக்னல், ஒரு வோல்ட் ரெண்டு வோல்ட் உச்சினு இருக்கிற எடத்துல ஷாட்கி சரி, 18 வோல்ட்டுக்கு இல்ல.

கடைசித் தேர்வா 1N4007 பத்தியும் கேக்கறாங்க. 50 ஹெர்ட்ஸ்க்கு தாராளமாப் போடலாம். பல கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்குப் போட்டா அது சீக்கிரம் மூடாது, மூடறதுக்குள்ள பிடிச்சதைக் கொஞ்சம் திருப்பி விட்டுரும்.

கெப்பாசிட்டரை ஷார்ட் பண்ணி ஜீரோ ஆக்கிட்டு விட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஒரு சின்ன வோல்ட்டேஜ் வருதே?

அது டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன், உள்ள இருக்கிற பிளாஸ்டிக் கொஞ்சம் சார்ஜை ஊறவச்சு மெதுவா வெளிய விடும். மைலார்ல அரை சதவீதத்துக்கு உள்ள வரும், 17.5 வச்சிருந்ததுல 50, 80 மில்லிவோல்ட்னு எட்டிப் பாக்கும், அதுவும் 10 மெகாஓம் மீட்டர்ல தொட்ட கொஞ்ச நேரம்தான் தெரியும். பாலிபுரொப்பிலீன் போட்டா அதுல பத்துல ஒண்ணு. லைன் வோல்ட்டேஜ் பாக்கறதுக்கு இதை மறந்துருங்க, ஷார்ட் பண்ணி விட்டதும் அடுத்த அலையில எப்படியும் 17.5க்கு ஏறிருது.